'சூப்பரா செஞ்சா' என்று எழுதினால் போதுமா? ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் மாணவர்களே மதிப்பிடும் தாளை எப்படித் தயாரிப்பது?

ராபர்ட்சன்பேட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளி, 9ஆம் வகுப்பு, பி.டி. பீரியட் என்று வைத்துக்கொள்வோம். மைதானத்தில் நாலு மேட் விரித்திருக்கிறார்கள். ஒரு மாணவி பல்டி அடித்து, கார்ட்வீல் போட்டு, ஒற்றைக்காலில் நின்று, துள்ளி முடிக்கிறாள். ஓரமாக உட்கார்ந்திருக்கும் தோழியிடம் ஒரு தாள். அதில் ஒரே கேள்வி: "எப்படிச் செய்தார்? 5க்கு எத்தனை?" தோழி யோசிக்கவே இல்லை, 5 போட்டுவிட்டாள். பக்கத்து மேட்டில் நேற்று சண்டை போட்ட இரண்டு பேர். அங்கே 2.

இந்த இரண்டு எண்களிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஒரு தகவலும் இல்லை. நட்பு பற்றித்தான் இருக்கிறது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2020 தேசியக் கல்விக் கொள்கை, மாணவரின் முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு சுய மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. தாள் சரியில்லை என்றால், அட்டையில் ஏறப்போவது இந்த 5-ம் 2-ம்தான்.

நடுவர்கள் என்ன செய்கிறார்கள்?

2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் போட்டியில் தீபா கர்மாகர் 15.066 புள்ளிகளுடன் 4ஆம் இடம் பிடித்தார். வெண்கலம் வென்றவருக்கு 15.216. வித்தியாசம் 0.15.

இப்படி நுணுக்கமாகப் பிரிக்க முடிவதற்குக் காரணம், செய்நேர்த்திக்கான நடுவர்கள் "அழகாக இருந்ததா" என்று கேட்பதில்லை. 10 புள்ளியில் தொடங்கி, கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் கழிக்கிறார்கள். சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதற்கு 0.5, கீழே விழுந்தால் 1.

பள்ளித் தாளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு வேண்டாம். முட்டி மடிந்தது சின்னப் பிழையா, நடுத்தரப் பிழையா என்று சொல்லப் பயிற்சி பெற்ற கண் தேவை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடியதை மட்டும் கேட்பது.

தாளில் என்ன கேட்கலாம்?

மேலே சொன்ன அதே நான்கு அசைவுகளை எடுத்துக்கொள்வோம். சக மாணவர் தாளில் ஆறு கேள்விகள் போதும்.

1. பல்டியில் தலை உச்சி மேட்டில் படாமல், பின்கழுத்துக்குக் கீழே தோள்பகுதி முதலில் பட்டதா?
2. கையை ஊன்றாமல் எழுந்தாரா?
3. கார்ட்வீலில் கை, கை, கால், கால் என்று ஒவ்வொன்றாகத் தரையில் பட்டதா?
4. தலைகீழாக இருக்கும்போது இரண்டு முட்டியும் நேராக இருந்ததா?
5. ஒற்றைக்காலில் 3 விநாடி அசையாமல் நின்றாரா?
6. துள்ளி இறங்கியபின் கால் எடுத்து வைக்காமல் நின்றாரா?

ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, பார்க்க முடியவில்லை. மூன்றாவது கட்டம் ரொம்ப முக்கியம். அது இல்லையென்றால், பார்க்காததற்கும் ஏதாவது ஒன்றில் டிக் அடித்துவிடுவார்கள்.

ஒரே ஆள் ஆறையும் ஒரே தடவையில் பார்க்க முடியாது. கார்ட்வீல் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். அதனால் ஆடுபவர் ஒருவர், பார்ப்பவர் இருவர் என்று மூன்று பேர் குழு நல்லது. முதல் தடவை 1 முதல் 3 வரை, இரண்டாவது தடவை 4 முதல் 6 வரை. இரண்டு பேரும் பக்கவாட்டில் நின்று அதே மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதட்டும். ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்று, மொழி. தங்கவயலில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் நிறைய. தாளில் உள்ள சொல், ஆசிரியர் மைதானத்தில் கூப்பிடும் அதே சொல்லாக இருக்க வேண்டும். அவர் 'பல்டி' என்றால் தாளிலும் பல்டிதான். பக்கத்தில் ஒரு குச்சி மனிதப் படம் இருந்தால் சந்தேகமே வராது.

சுய மதிப்பீட்டுத் தாளும் இதேதானா?

முதல் ஆறு கேள்விகளும் அதேதான். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். கூடவே, ஆடியவருக்கு மட்டுமே தெரிந்த இரண்டு: "எந்த இடத்தில் பயந்தேன்?", "எந்த இடத்தில் அடுத்தது என்னவென்று மறந்தேன்?" இவற்றை வெளியிலிருந்து யாராலும் எழுத முடியாது.

ஒரு நிபந்தனை. தோழியின் தாளைப் பார்க்கும் முன்பே இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

நம் மாணவி 4ஆம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுகிறாள். பார்த்த இருவரும் 'இல்லை' என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. தலைகீழாக இருக்கும்போது தன் முட்டி மடிவது பழகாத உடலுக்குத் தெரியாது. "நேராத்தானே வெச்சிருந்தேன்!" என்றுதான் தோன்றும். இந்த முரண்பாடுதான் தாளின் பலன். ஆசிரியர் 40 பேரின் எல்லாப் பதில்களையும் படிக்க வேண்டியதில்லை. பதில்கள் மோதும் இடங்களை மட்டும் மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்தால் போதும்.

மாறாக, ஆடியவரும் பார்த்தவர்களும் 'இல்லை' என்றே எழுதியிருந்தால், பிழை அவளுக்கே தெரியும். அங்கே தேவை பயிற்சி.

தாளே தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்?

இரண்டு பேரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு கேள்விக்கும், இரண்டு பார்வையாளர்களும் ஒரே பதில் சொன்ன குழுக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 12 குழுக்களில் 11 குழுக்கள் ஒத்துப்போனால் கேள்வி தெளிவாக இருக்கிறது. வெறும் 6 என்றால் காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். அங்கே தப்பு கேள்வியின் மேல், பிள்ளைகள் மேல் இல்லை.

உதாரணமாக, 5ஆம் கேள்வியில் பதில்கள் சிதறினால், ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் எண்ணியிருக்கலாம். அல்லது கை லேசாக ஆடியதை ஒருவர் 'அசைவு' என்று எடுத்திருக்கலாம். "மூன்று எண்ணும் வரை தூக்கிய கால் தரையைத் தொடாமல் இருந்ததா? சத்தமாக எண்ணவும்" என்று மாற்றி, அடுத்த வாரம் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

எதைத் தாளிடம் விடக் கூடாது?

பாதுகாப்பை. பல்டியில் தலை உச்சி மேட்டில் பட்டால் உடல் எடை கழுத்தில் இறங்கும். அதைப் பார்த்தவர் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. உடனே கை தூக்க வேண்டும், ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். 1ஆம் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கை படம் போட்டுவிடுவது நல்லது. விழாமல் தாங்கிப் பிடிக்கும் வேலையும் பார்ப்பவருடையது அல்ல.

உடம்பைப் பற்றிய கருத்துக்கும் தாளில் இடம் கூடாது. 'வேறு ஏதாவது' என்று ஒரு வெற்றுக் கோடு விட்டால், குண்டு, ஒல்லி, உடை என்று அதில்தான் வந்து சேரும். 13, 14 வயதில் அப்படி ஒரு வரி போதும், அடுத்த பீரியடுக்கு "தலைவலி சார்" என்று ஓரமாக உட்கார்ந்துவிட.

கடைசியாக, டிக்குகளைக் கூட்டி மதிப்பெண் ஆக்கக் கூடாது. ஆக்கினால் அடுத்த வாரமே எல்லோருக்கும் ஆறுக்கு ஆறு விழும். மதிப்பெண் ஆசிரியர் தன் கண்ணால் பார்த்துப் போடுவது. முன்னேற்ற அட்டையில் சக மாணவர் பகுதியில் எண்ணுக்குப் பதில் ஒரு வரி எழுதலாம்: "கார்ட்வீலில் முட்டி மடிகிறது, மூன்றாவது வாரம் நேரானது." அந்த மாணவிக்கு 5-ஐ விட இது உதவும்.