ஓவனுக்கு வெளியே வெடித்த முட்டை

உணவகத்தில் மைக்ரோவேவில் சூடாக்கித் தந்த அவித்த முட்டை வாயில் வெடித்துக் காது பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் ஒருவர் வழக்குப் போட்டார். அதற்காக ஒலியியல் வல்லுநர்கள் இருவர் முட்டைகளைச் சூடாக்கிக் குத்திப் பார்த்து, 2017-இல் முடிவைச் சொன்னார்கள். எல்லாம் வெடிக்கவில்லை. வெடித்தவற்றின் சத்தமோ ஓரடி தூரத்தில் 86 முதல் 133 டெசிபல்!

இந்த ஓவனில் நெருப்பு கிடையாது. நொடிக்கு சுமார் 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அங்குமிங்கும் திருப்புகின்றன. அவை ஒன்றையொன்று மோத, வெப்பம் பிறக்கிறது. மஞ்சள் கருவுக்குள் அடைபட்ட நுண்ணிய நீர்த்துளிகள் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். பல்லோ முள்கரண்டியோ பட்டதும் அவை சட்டென ஆவியாகிச் சீறுகின்றன. ஓட்டை உரித்துவிட்டாலும் இந்த ஆபத்து தீராது. பச்சை முட்டையென்றால் ஆவிக்கு வழியின்றி ஓவனுக்குள்ளேயே வெடித்துவிடும்.

உலோகத்தின் கதை வேறு. அலைகள் அதற்குள் புகுவதில்லை. ஓவனின் உட்சுவரே உலோகம்தானே! ஆனால் முள்கரண்டியின் முனை, கசங்கிய அலுமினியத் தாளின் மடிப்பு, தட்டின் தங்க நிற விளிம்பு போன்ற இடங்களில் மின்புலம் குவிந்து காற்றிலேயே பொறி பறக்கிறது. பக்கத்தில் காகிதம் இருந்தால் தீப்பிடிக்கும்.

பொறியைக் கண்டால் உடனே ஓவனை நிறுத்துங்கள். அவித்த முட்டையைச் சூடாக்க வேண்டுமென்றால் வெந்நீரில் போடுங்கள்.