அனுபவமே இல்லாதவர் அறிமுகத்தில் என்ன சொல்வது?

"உங்களைப் பத்திச் சொல்லுங்க." இன்டர்ன்ஷிப் நேர்காணல் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் தொடங்கும். கேட்பவர் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை. மேஜையில் கிடக்கும் ரெஸ்யூமேவைப் பல நேரம் அப்போதுதான் முதன்முறையாகப் புரட்டுவார். மாணவர் பேசப் பேச, அடுத்து எதைக் கேட்கலாம் என்று அவர் தேடிக்கொண்டிருப்பார்.

அந்தத் தேடலுக்கு ஒன்றும் அகப்படாத பதிலைத்தான் பலரும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். "மைசெல்ஃப் இன்னார், ஊர் இது, அப்பா விவசாயம், அம்மா ஹவுஸ்ஒய்ஃப், என்னோட பலம் கடின உழைப்பு, ஹாபி பாட்டு கேட்கிறது, நான் ஃப்ரெஷர், அனுபவம் எதுவும் இல்லை." இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இதைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்? பாட்டைப் பற்றியா? வேறு வழியில்லாமல் பாடப்புத்தகத்துக்குப் போய்விடுவார். "சரி, தேய்மானம்னா என்னம்மா?" அதோடு நேர்காணல் வாய்மொழித் தேர்வாகிவிடும். கடைசி வரியைச் சொல்லவே வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்ட அலுவலகத்துக்கு, வருபவருக்கு வேலை அனுபவம் இருக்காது என்று தெரியாதா?

அனுபவம் இல்லாதவர் இந்தக் கேள்வியில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுதான். அடுத்த கேள்வி எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது. அதற்குச் சொந்தமாகச் செய்த ஒரு வேலை போதும். அது சின்னதாக இருக்கலாம். மூன்று கேள்வி துளைத்துக் கேட்டாலும் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுரையில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறார். சான்றிதழ் என்று காட்ட ஒன்றுமில்லை. ஆனால் மாமாவின் மளிகைக் கடையில் இருந்த கடன் நோட்டை எக்செல்லில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். 'இதெல்லாம் ஒரு அனுபவமா' என்று ரெஸ்யூமேயில் அவர் அதை எழுதக்கூட இல்லை. பெயரையும் கல்லூரியையும் சொன்ன பிறகு அவர் இப்படித் தொடரலாம்:

"எங்க மாமா மளிகைக் கடை வச்சிருக்கார் சார். அறுபது பேர் கிட்ட கடன் வாங்குறாங்க. அந்த நோட்டை நான் எக்செல்ல ஏத்தினேன். யாருக்கு எவ்வளவு பாக்கின்னு SUMIF போட்டு எடுத்தேன். முதல் மாசமே ஒரு தப்பு வந்துச்சு. நோட்டுல 1,340 ரூபாய் பாக்கி இருந்த ஒருத்தருக்கு எக்செல்ல 900 தான் காட்டுச்சு. மாமா ஒரு இடத்துல 'செல்வி'ன்னும், இன்னொரு இடத்துல 'டீக்கடை செல்வி'ன்னும் எழுதியிருந்தார். 440 ரூபாய் வேற பேர்ல போய் உட்கார்ந்திருச்சு. அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, நம்பரை வச்சே கூட்டினேன். ஆடிட்டர் ஆபீஸ்ல பர்ச்சேஸ் பில்லை ஜிஎஸ்டிஆர்-2பி கூட ஒத்துப் பார்ப்பாங்கன்னு படிச்சேன். அதைச் செஞ்சு கத்துக்கணும்னுதான் இங்க விண்ணப்பிச்சேன்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் தேவையும் இல்லை. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் கேட்பவர் பேனாவைச் சுழற்றத் தொடங்கிவிடுவார்.

இந்தப் பதிலில் எடை எங்கே இருக்கிறது? எக்செல் தெரியும் என்பதில் இல்லை. அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். கணக்கு எங்கே பிசகியது, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதில்தான் இருக்கிறது. வேலையைக் கையால் செய்யாதவருக்கு அந்தப் பிசகு தெரிந்திருக்க வழியில்லை. கடைசி இரண்டு வரிகளும் அலங்காரத்துக்காகச் சொன்னவை அல்ல. ஜிஎஸ்டிஆர்-2பி என்பது, விற்றவர்கள் தாக்கல் செய்த கணக்கை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தானே தயாரிக்கும் பட்டியல். வாங்கியவரின் புத்தகத்தில் உள்ள பில்கள் அதில் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது, இத்தகைய அலுவலகங்களில் புதிதாக வருபவர்களுக்கும் தரப்படும் வேலை. அங்கும் கடையின் பெயரை நம்பி ஒப்பிட்டால் தகராறுதான். அதனால் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்தே ஒத்துப் பார்ப்பார்கள். மாணவி செல்வி அக்கா கணக்கில் பட்ட பாடும் இதே ரகம்தான். ஆடிட்டருக்கு அது உடனே விளங்கும்.

இனிக் கேள்விகள் எப்படி வரும் என்று பார்ப்போம். "அறுபது பேருக்கும் நம்பர் கொடுத்தீங்களே, புதுசா ஒருத்தர் வந்தா?" "மாமா இப்பவும் அதைப் பயன்படுத்துறாரா?" "பில் நம்பர் ஒரு பக்கம் 45, இன்னொரு பக்கம் 0045-ன்னு இருந்தா என்ன செய்வீங்க?" முதல் இரண்டுக்கும் பதில் அவரிடமே இருக்கிறது. மாமா மறுபடி நோட்டுக்கே திரும்பிவிட்டார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். ஏன் திரும்பினார் என்று சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "அது எனக்குத் தெரியலை சார். ரெண்டையும் ஒரே மாதிரி மாத்திட்டுத்தான் ஒப்பிடணும்னு நினைக்கிறேன்" என்பது போதும். தெரிந்தவர் போல் இழுத்துப் பேசினால், முன்னால் சொன்ன உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எல்லோருக்கும் கடை வைத்த மாமா இருக்க மாட்டார். கல்லூரி சிம்போசியத்தில் பதிவுக் கட்டணம் வசூலித்தது, தங்கைக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது, வீட்டில் பழுதான மிக்ஸியைப் பிரித்து மாட்டியது என எதுவும் ஆகும். தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை: அதில் என்ன தப்பிப்போனது, ஏன் தப்பிப்போனது என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அது பெரிய ப்ராஜெக்டாகவே இருந்தாலும் விட்டுவிடலாம்.

குழு ப்ராஜெக்டில் வழுக்குபவர்கள்தான் அதிகம். நான்கு பேர் சேர்ந்து செய்ததை "நாங்க செஞ்சோம்" என்று சொல்லி நிறுத்தினால், "நீங்க எந்தப் பகுதி?" என்று கேட்பார்கள். சென்சாரைப் பொருத்தியது மட்டும்தான் தன் வேலை என்றால், அறிமுகத்திலேயே அப்படிச் சொல்லிவிடுவது பாதுகாப்பு. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்ததை வாயே திறக்காமல் இருப்பது உத்தமம். முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். அரியர் இருந்தால் அதை அறிமுகத்தில் இழுத்துப்போட வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

பேச்சு மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் பதிலும் ஆங்கிலத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீளமான வாக்கியங்களை எழுதி நெட்டுருப் போட்டால், இடையில் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும். செய்த வேலை, வந்த தப்பு, சரிசெய்த வழி, இங்கே வந்த காரணம் என்று நான்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லிப் பழகலாம். அதைப் போனில் பதிவுசெய்து, அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். கேட்டு முடித்ததும் அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் தயார். "நல்லா பேசுறே" என்று மட்டும் சொன்னால் மறுபடி எழுதுங்கள்.