நேர்காணல் செய்த மேனேஜர் போய்விட்டார்: ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது?

ரவுண்டுகள் எல்லாம் நன்றாக முடிந்து, "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் நம்மை நேர்காணல் செய்த மேனேஜரே கம்பெனியை விட்டுப் போய்விட்டதாகத் தெரியவருகிறது. ஆட்கள் அடிக்கடி இடம் மாறும் ஐ.டி. துறையில் இப்படி நடப்பது உண்டு. இப்போது நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு ரெக்ரூட்டர்தான். அவருக்கு எழுதும் கடிதம் சரியாக அமைந்தால், காத்திருப்பதா, அடுத்த வேலையைப் பார்ப்பதா என்பது சில நாட்களில் தெரிந்துவிடும்.

கடிதத்துக்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வேலைக்கு ஆள் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். அதை ரெக்விசிஷன் என்பார்கள். பொதுவாக அதற்கு ஒரு ஜாப் ஐடி இருக்கும். பொறுப்பாளராக ஒரு மேனேஜரின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு ரவுண்டிலும் பேனலில் இருந்தவர்கள் எழுதும் மதிப்பீடும் அதே கணக்கில் பதிவாகும். மேனேஜர் போனாலும் அந்தப் பதிவுகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நின்றுபோவது முடிவெடுக்கும் கை மட்டும்தான். அந்தப் பொறுப்பை அவருக்கு மேலே இருக்கும் இயக்குநரோ, தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரோ ஏற்கும்வரை ரெக்ரூட்டரால் ஒரு அடி நகர்த்த முடியாது.

அதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கலாம். இயக்குநரே பொறுப்பேற்று, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். புது மேனேஜர் வரட்டும் என்று ஓப்பனிங்கை ஹோல்டில் போடலாம். அல்லது டீமையே வேறொரு டீமோடு சேர்த்து, அந்த இடத்தை ரத்து செய்யலாம். இதில் எது என்பது முதல் சில நாட்களில் ரெக்ரூட்டருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் மௌனமாக இருப்பதை நம்மை நிராகரித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் நன்றாகப் போகிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே நம் கடிதம், ரெக்ரூட்டர் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோவையில் வேலை பார்க்கும் ஒரு டெஸ்டிங் பொறியாளர், சென்னைக் கம்பெனி ஒன்றில் டெஸ்ட் லீட் பணிக்கு முயல்கிறார். இரண்டு டெக்னிக்கல் ரவுண்டுகள் முடிந்தன. 6-ஆம் தேதி மேனேஜர் ரவுண்டும் நன்றாகப் போனது. 13-ஆம் தேதி இயக்குநரோடு கடைசிப் பேச்சு என்று மேனேஜரே அழைப்பு அனுப்பியிருந்தார். 12-ஆம் தேதி அந்த அழைப்பு ரத்தாகிறது, காரணம் எதுவும் சொல்லாமல். லிங்க்ட்இன்னில் பார்த்தால் மேனேஜர் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இந்தப் பொறியாளரின் கையில் இன்னொரு கம்பெனியின் ஆஃபர் இருக்கிறது. அதற்கு 23-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்றே அவர் ரெக்ரூட்டருக்கு எழுதுகிறார். புது மின்னஞ்சல் தொடங்காமல், நேர்காணல் பற்றிய பழைய மின்னஞ்சலிலேயே பதிலாக அனுப்புகிறார். ஒரே நேரத்தில் பல ஓப்பனிங்குகளைப் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு, இவர் யார், எந்த வேலை, எந்த ரவுண்டு என்பதெல்லாம் கீழேயே கிடைத்துவிடும். நம்மில் பலர் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். எந்த மொழியானாலும் சாரம் இதுதான்:

"வணக்கம். டெஸ்ட் லீட் பணிக்கு இரண்டு டெக்னிக்கல் ரவுண்டுகளும், 6-ஆம் தேதி மேனேஜர் ரவுண்டும் முடித்திருக்கிறேன். நாளை இயக்குநரோடு இருந்த பேச்சு ரத்தாகியிருக்கிறது. மேனேஜர் வேறு நிறுவனத்தில் சேர்ந்திருப்பதை லிங்க்ட்இன்னில் பார்த்தேன். இந்த வேலையில் எனக்கு இப்போதும் விருப்பம் இருக்கிறது.

மூன்று விஷயங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். இந்த ஓப்பனிங் இப்போதும் இருக்கிறதா? இனி இதை யார் பார்க்கிறார்கள்? முடிந்த ரவுண்டுகள் செல்லுமா, மறுபடி எதையாவது செய்ய வேண்டுமா? பொறுப்பேற்பவர் என்னோடு பேச விரும்பினால், இந்த வாரம் எந்த நாளும் மாலை 4 மணிக்கு மேல் பேச முடியும்.

இன்னொரு ஆஃபருக்கு 23-ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 20-ஆம் தேதிக்குள், அதுவரை உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். நன்றி."

இதில் எதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேனேஜர் ஏன் போனார் என்ற கேள்வி இல்லை. ரெக்ரூட்டருக்குக் காரணம் தெரிந்தாலும் சொல்ல முடியாது. கேட்டால் அவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும். "அப்படியானால் எனக்கு வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியும் இல்லை, அதற்கு அவரிடம் பதில் இல்லை. இங்கே உள்ள மூன்று கேள்விகளையும் அவர் அப்படியே இயக்குநருக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவது ஆஃபரைப் பற்றி எழுதியதும் மிரட்டலுக்காக அல்ல. உள்ளே போய் "சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்" என்று கேட்க ரெக்ரூட்டருக்கு ஒரு தேதி வேண்டும், அதைத்தான் கொடுக்கிறார். கையில் ஆஃபர் இல்லாதவர் இந்த வரியை எழுதவே கூடாது. ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொன்னால் பொய் அங்கேயே உடைந்துவிடும்.

மேனேஜர் போனது உறுதியாகத் தெரியாமல், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால், அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். கம்பெனிக்குள்ளேயே இன்னும் அறிவிக்காமல் இருக்கலாம். "அடுத்த ரவுண்டை யார் நடத்துவார்கள், எப்போது?" என்று மட்டும் கேட்டால் போதும்; உண்மை அந்தப் பதிலிலேயே வந்துவிடும். ரெக்ரூட்டர் கம்பெனியைச் சேர்ந்தவராக இல்லாமல் கன்சல்டன்சிக்காரராக இருந்தால், அவருக்கும் கம்பெனி சொன்னது மட்டுமே தெரியும். பதில் வர ஓரிரு நாள் கூடுதலாகும். அதற்காக அவரைத் தாண்டி இயக்குநருக்கு நேரடியாக எழுதினால், கம்பெனிக்கும் கன்சல்டன்சிக்கும் இடையே கமிஷன் பற்றிய பேச்சில் நம் பெயர் சிக்கிக்கொள்ளும்.

போய்விட்ட மேனேஜருக்கு எழுதலாமா? நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி சொல்லி, புது வேலைக்கு வாழ்த்தி இரண்டு வரி எழுதலாம். உள்விவரம் கேட்பதும், சிபாரிசு செய்யச் சொல்வதும் வேண்டாம். அந்தக் கம்பெனியில் அவர் சொல் இனி நமக்கு உதவாது. அவர் எப்படிப் பிரிந்தார் என்பதும் நமக்குத் தெரியாது.

இனி, வரும் பதிலை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். அதில் தேட வேண்டியவை இரண்டு: ஒரு பெயர், ஒரு தேதி. "இயக்குநர் பார்த்துக்கொள்கிறார், 21-ஆம் தேதி பேசுவார்" என்று வந்தால் ஓப்பனிங் உயிரோடு இருக்கிறது. "ப்ராசஸ் போய்க்கொண்டிருக்கிறது, தெரியப்படுத்துகிறோம்" என்று மட்டும் வந்தால், இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். "புது மேனேஜர் வந்த பிறகு முடிவெடுப்போம்" என்று வந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். உள்ளேயிருந்தே ஒருவரை உயர்த்தினால் சில வாரங்களில் முடியலாம். வெளியிலிருந்து ஆள் எடுப்பதென்றால் தேடவே ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதற்குப் பிறகு அவருடைய நோட்டீஸ் பீரியட். இந்திய ஐ.டி. கம்பெனிகளில் அது 60 அல்லது 90 நாள் இருப்பது சாதாரணம். ஆக மூன்று முதல் ஐந்து மாதம் ஓடிவிடும். வருகிறவருக்கு வேறு மாதிரி ஆள் தேவைப்படவும் கூடும். அந்தப் பதில் வந்தால் அந்த வேலையை நம்பி மற்ற வாய்ப்புகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம் பொறியாளருக்கு 15-ஆம் தேதி வந்தது, பெயரும் தேதியும் இல்லாத பதில். அவர் கோபிக்கவில்லை, நன்றி சொல்லி, 20-ஆம் தேதியை நினைவூட்டி ஒரே வரி எழுதினார். 19-ஆம் தேதி ரெக்ரூட்டர் போனில் அழைத்தார். இயக்குநரே பொறுப்பேற்றிருக்கிறார், டெக்னிக்கல் ரவுண்டுகள் செல்லும், 21-ஆம் தேதி அரை மணி நேரம் பேச வேண்டும் என்றார். போனில் சொன்னதை அவர் அன்றே மின்னஞ்சலில் எழுதி, "சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

முடிந்த ரவுண்டு செல்லும் என்றாலும் பொறுப்பேற்றவரோடு மறுபடி பேச வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். உண்மையில் இந்தப் பேச்சு நமக்குத்தான் அதிகம் தேவை. ஏனென்றால், போன மேனேஜர் வாயால் சொன்னதெல்லாம் அவரோடு போயிருக்கும். பேனலின் மதிப்பீடு எழுத்தில் இருக்கும். "மாதம் இரண்டு முறை ஆபீஸ் வந்தால் போதும்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது. யாருக்கு ரிப்போர்ட் செய்வது, எத்தனை பேர் டீம், எந்த ஷிப்ட், எந்த ஊர், எந்தக் கிரேடு என்று முன்பு கேட்டு வாங்கிய ஒவ்வொரு பதிலையும் பொறுப்பேற்றவரிடம் மறுபடி கேட்க வேண்டும். பிறகு அவற்றை ரெக்ரூட்டருக்கு எழுதி, ஆஃபர் லெட்டரிலோ பதில் மின்னஞ்சலிலோ வரவைக்க வேண்டும். எழுத்தில் ஆஃபர் கைக்கு வருவதற்கு முன்பு இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஆஃபர் வாங்கி நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது மேனேஜர் போனாலும் இதே முறைதான். சேரும் தேதியும் ரிப்போர்ட் செய்ய வேண்டியவரும் யார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

21-ஆம் தேதிப் பேச்சில் நம் பொறியாளருக்குத் தெரியவந்தது இதுதான்: வேலை அதேதான், சம்பளமும் அதேதான், ஆனால் இயக்குநர் வாரம் மூன்று நாள் சென்னை ஆபீஸில் இருக்க வேண்டும் என்கிறார். கோவையில் குடும்பத்தை வைத்திருப்பவருக்கு அது வேறு வேலை. அவர் ரெக்ரூட்டரிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். விதிவிலக்கு இல்லை என்று 22-ஆம் தேதி பதில் வந்தது. மறுநாள் மற்ற ஆஃபரை ஏற்றுக்கொண்டு, ரெக்ரூட்டருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். விலகிக்கொள்வதாக முதல் வரியிலேயே சொன்னார். காரணம் வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்பதுதான், வேலையோ ஆட்களோ அல்ல என்று எழுதினார். கோவையிலிருந்து செய்யக்கூடிய லீட் பணி வந்தால் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். இப்படிக் காரணத்தைத் தெளிவாகச் சொல்லி விலகினால் ரெக்ரூட்டரும் அதை அப்படியே பதிவு செய்யலாம். அடுத்து அப்படி ஒரு ஓப்பனிங் திறந்தால், ஏற்கெனவே ரவுண்டுகள் முடித்து நல்ல மதிப்பீடு வாங்கியவரை அவர் மறுபடி அழைப்பதற்கு அந்த ஒரு வரி போதுமான காரணமாக இருக்கும்.