முட்டைக்கு ஒரு நாள், விந்தணுவுக்கு ஐந்து நாள்

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் பலர் ஒரே ஒரு நாளைக் குறிவைக்கிறார்கள்: கருமுட்டை வெளிவரும் நாள். அதுவரை விலகியிருந்தால் பலம் கூடும் என்று அறிவுரை சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். அறிவுரை நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் கரு உண்டாகக்கூடிய நாட்களில் பெரும்பகுதி அதனால் வீணாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 1995-இல் வெளியானது. கருத்தரிக்க விரும்பிய 221 பெண்கள் தினமும் காலையில் சிறுநீர் மாதிரி சேகரித்தார்கள். உறவு கொண்ட நாட்களையும் குறித்து வைத்தார்கள். சிறுநீரில் இருந்த ஹார்மோன் கழிவுகளை அளந்து, முட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று கணித்தார்கள். முட்டை வெளிவந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில்தான் கரு உண்டானது. மறுநாள் கொண்ட உறவால் ஒரு கர்ப்பம்கூட உண்டானதாகத் தெரியவில்லை.

முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். அதற்குள் விந்தணு வந்து சேராவிட்டால் அது கெட்டுவிடும். ஆக, ஆறு நாட்களில் முட்டையின் பங்கு ஒரு நாள்தான். மீதி ஐந்தும் விந்தணு உயிரோடு காத்திருக்கும் நாட்கள்.

அந்தக் காத்திருப்பு எளிதானதல்ல. பெண்ணுறுப்பின் உட்பகுதி அமிலத்தன்மை கொண்டது. கிருமிகளைத் தடுக்க அது தேவை, ஆனால் விந்தணுக்களில் பெரும்பாலானவை அங்கே சில மணி நேரத்தில் செத்துவிடும். கோடிக்கணக்கில் புறப்பட்டு, கருக்குழாயை எட்டுபவை சில நூறுதான். அவற்றைக் காப்பாற்றுவது கருப்பை வாயில் சுரக்கும் சளி. மாதத்தின் பெரும்பாலான நாட்களில் இந்தச் சளி கெட்டியாக, வழியை அடைத்துக்கொண்டு இருக்கும். சினைப்பையில் முட்டைப்பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. சளி நீர்த்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகி, இரு விரலுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீள்கிறது. இதில் அமிலத்தன்மை இல்லை. விந்தணு நீந்தி மேலேறுகிறது. கருக்குழாயின் குறுகிய பகுதியில் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு, துள்ளலைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கிறது. முட்டைக்குள் நுழையும் திறனையும் அது பெண்ணின் உடலுக்குள் வந்து சில மணி நேரம் ஆன பிறகே பெறுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் அந்தத் திறனைப் பெறுவதில்லை என்பதால், முட்டை வரும்போது தயாராக நிற்கச் சில எப்போதும் இருக்கின்றன.

முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் ஏறி, சளி மறுபடி கெட்டியாகிறது. அதனால்தான் வாய்ப்பு மெல்லத் தொடங்கிச் சட்டென்று முடிகிறது.

ஐந்து நாள் என்பது விந்தணுவின் உச்சவரம்பு. எல்லாம் அவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதில்லை. அதே ஆய்வில், ஐந்து நாள் முன்னதாகக் கொண்ட உறவுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றாக இருந்தது. முட்டை வெளிவந்த நாளில் மூன்றில் ஒன்றாக உயர்ந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண் ஒருவர், ‘14-ஆம் நாள்’ என்று எங்கோ படித்ததை நம்பி 12 முதல் 15-ஆம் நாள் வரை மட்டும் முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரையிலான காலம் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 14 நாள். அப்படியானால் இவருக்கு முட்டை வருவது 21-ஆம் நாள் வாக்கில். கருத்தரிக்கும் நாட்கள் 16 முதல் 21 வரை. 15-ஆம் நாளோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். வாய்ப்போ மறுநாள்தான் தொடங்குகிறது. இருவரிடமும் ஒரு குறையும் இல்லாமலே மாதங்கள் கழிந்துவிடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் எல்.எச். பரிசோதனைப் பட்டையும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்கிறது. அதில் கோடு தெரிந்த பிறகு முட்டை வெளிவர ஒன்று, ஒன்றரை நாள் ஆகும். ஆறு நாட்களில் மூன்று நான்கு அதற்குள் கடந்திருக்கும். காலையில் உடல் சூட்டை அளந்து பார்ப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சூடு ஏறுவதே முட்டை வெளிவந்த பிறகுதான். வழுக்கும் வெள்ளைப்படுதல்தான் முன்கூட்டியே கிடைக்கும் அறிகுறி, அதற்குச் செலவும் இல்லை.

இந்த நாட்களைத் தவிர்த்துக் கர்ப்பத்தைத் தடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: சுழற்சி ஒழுங்காக இருப்பவர்களுக்கும் முட்டை சில மாதங்களில் முன்கூட்டியே வரும். நாட்காட்டியை மட்டும் நம்புவது ஆபத்து.

குழந்தை வேண்டுவோர் நாளைத் துல்லியமாகப் பிடிக்கத் தவிக்க வேண்டாம். மாதவிலக்கு நின்றதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும். முட்டை எந்த நாளில் வந்தாலும் விந்தணு அங்கே இருக்கும். ஓராண்டு இப்படி முயன்றும் பலனில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவருமாக மருத்துவரைப் பாருங்கள்.