பூஜ்ஜியத்தை வைத்து வரியை அளப்பது

கைபேசியில் சுகமாகப் படித்த சிறுகதையை அலுவலகத்துப் பெரிய திரையில் திறந்தால் சில நேரம் படிக்கவே முடிவதில்லை. இடது ஓரத்தில் தொடங்கும் வரி வலது ஓரம் வரை ஓடுகிறது. முடிவுக்குப் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் திரும்பும்போது தடம் தவறி, படித்த வரியிலேயே மறுபடி விழுகிறது. விரலைத் திரையில் வைத்துப் படிக்கத் தோன்றினால், வரி நீளம் என்று புரிந்துகொள்ளலாம்.

அச்சுக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. கனடாவின் கவிஞரும் அச்செழுத்து வல்லுநருமான ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட், 1992இல் வெளியான தம் நூலில், ஒற்றைப் பத்தியாக அமைந்த பக்கத்துக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை ஏற்றது, 66 மிகப் பொருத்தம் என்று சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் இடைவெளியும் ஓர் எழுத்துதான். ஆனால் தாளின் அகலம் மாறாது, திரையின் அகலமோ ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்கென்றே இணையப் பக்கங்களை வடிவமைக்கும் CSS மொழியில் `ch` என்று ஓர் அலகு இருக்கிறது. ஒரு `ch` என்பது அந்த எழுத்துருவில் `0` என்ற இலக்கம் பிடிக்கும் அகலம். ஏரியல் எழுத்துருவை 18 பிக்சல் அளவில் வைத்தால் பூஜ்ஜியம் ஏறக்குறைய 10 பிக்சல் வரும். ஆக `60ch` என்பது 600 பிக்சல். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பூஜ்ஜியமும் பெருக்கும், பத்தியும் கூடவே அகலும்.

`60ch` என்றால் வரிக்கு 60 எழுத்து என்று நினைப்பதில்தான் சறுக்கல். ஆங்கிலத்தில் i, l, t போன்ற எழுத்துகளும் இடைவெளியும் பூஜ்ஜியத்தைவிட ஒல்லி. அதனால் அந்த 600 பிக்சலில் சுமார் 70 ஆங்கில எழுத்துகள் அடங்கிவிடும்.

தமிழில் கதை தலைகீழ். ண, ஞ, ஊ எல்லாம் பூஜ்ஜியத்தைவிடப் பருமன். ‘கொண்டிருந்தாள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஏழு எழுத்து. கணினி அதையே 14 குறியீடுகளாகச் சேமிக்கிறது. திரையிலோ ‘கொ’ ஒன்றே கொம்பு, க, கால் என மூன்று உருவங்களாக விரிகிறது, ‘ந்’ மேலுள்ள புள்ளி அகலத்தில் எதையும் கூட்டுவதில்லை. ஆகவே எழுத்தெண்ணிக்கையை நம்பிப் பயனில்லை; வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று பார்ப்பதே மேல். அதே 600 பிக்சலில் ஐந்தாறு தமிழ்ச் சொற்கள்தான் தேறும். இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டைப்பல் மாதிரி சந்து விழும். எழுத்துருவைப் பொறுத்து, ஏழெட்டுச் சொல் வரும்வரை எண்ணை ஏற்றிப் பார்க்கலாம். 75இல் தொடங்குவது மோசமில்லை.

இன்னொரு நுணுக்கம். எழுத்துருப் பட்டியலில் ஏரியல் முதலிலும் தமிழ் எழுத்துரு அடுத்தும் இருந்தால், பூஜ்ஜியம் ஏரியலில் அளக்கப்படும், பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லாவிட்டாலும்!

```css
article {
  font-size: 18px;
  line-height: 1.7;
  box-sizing: content-box;
  max-width: 75ch;
  margin-inline: auto;
  padding-inline: 1rem;
}
```

இங்கே `width` என்று எழுதியிருந்தால் 360 பிக்சல் கைபேசியிலும் பத்தி 750 பிக்சலுக்கு அடம்பிடிக்கும். வாசகர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடம் வலமாக இழுக்க வேண்டியிருக்கும். `max-width` உச்சவரம்பு மட்டுமே. இடமிருந்தால் அதுவரை விரியும், இல்லாவிட்டால் சுருங்கிக்கொள்ளும். `content-box` எதற்கு? பல தளங்களில் `border-box` பொதுவிதியாக இருக்கும். அப்போது ஓர விளிம்புக்கான 32 பிக்சலும் அந்த 75க்குள்ளேயே கழிந்து, வரியில் இரண்டு மூன்று எழுத்து காணாமல் போகும்.

வரம்பை மொத்தக் கட்டுரைக்கும் வைக்காமல் பத்திக்குத் தனி, தலைப்புக்குத் தனி என்று வைப்பவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்ப்பார்கள். `ch` அந்தந்த உறுப்பின் எழுத்தளவில் கணக்கிடப்படுவதால், 36 பிக்சல் தலைப்பின் `75ch` பத்தியைப் போல இரு மடங்கு அகலம். இரண்டும் நடுவில் வைக்கப்பட்டிருந்தால், தலைப்பு பத்தியின் இடது ஓரத்தைத் தாண்டி வெளியே போய்த் தொடங்கும். பிழை எங்கே என்று நிறத்திலும் விளிம்பிலும் தேடிக்கொண்டிருப்பார்கள். இருப்பதோ இரண்டு பூஜ்ஜியங்களின் அளவு வித்தியாசத்தில்.