தட்டச்சுப் பிழைகளைக் கணக்கெடுப்போம்

வங்கியில் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சு செய்துவரும் எங்களில் பலருக்கும் வேகம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நாள்தோறும் தட்டுவது வேலையே தவிர, பயிற்சி அன்று. பிழை நேர்ந்தவுடன் பேக்ஸ்பேஸ் விசையால் அழித்துவிடுகிறோம். எந்த விரல் தவறியது என்ற தடயமும் அதனுடன் அழிகிறது.

ஆகவே, அவ்விசையைத் தொடாமல், பழக்கமில்லாத ஆங்கிலப் பத்தி ஒன்றை 5 நிமிடம் தட்டச்சு செய்து பார்க்கலாம். 900 தட்டல்கள் விழுந்தால், 5 தட்டல் ஒரு சொல் என்ற வழக்கமான கணக்கில் நிமிடத்துக்கு 36 சொற்கள். அதில் 18 பிழைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அடிக்க வேண்டிய எழுத்தையும் அடித்த எழுத்தையும் அருகருகே குறித்தால், 7 இடங்களில் e வரவேண்டிய இடத்தில் i, அல்லது i இடத்தில் e விழுந்திருப்பது தெரியவரும். இரண்டும் நடுவிரல்களுக்கு உரியவை. விரல் சரி, கைதான் மாறிவிட்டது.

இதற்காக முழுப் பத்தியையும் மீண்டும் மீண்டும் அடிப்பது வீண். field, receive போன்ற சொற்களை மட்டும், பிழை வராத அளவுக்கு மெதுவாக, நாளும் 10 நிமிடம் அடித்து, ஒவ்வொரு வரியையும் உடனே சரிபார்க்க வேண்டும். வேகம் பிறகுதான். வார இறுதிச் சோதனைக்குப் புதிய பத்தியே தேவை. பழையதை விரல்கள் மனப்பாடம் செய்திருக்கும். அந்த 7 பிழைகள் இரண்டாகக் குறைந்திருந்தால், எஞ்சியவற்றுள் மிகுதியாக வருவதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.