உஷார்! டி.சி.யில் ‘நன்று’ என்றிருந்தால் ‘எக்ஸலன்ட்’ ஆக்காதீர்கள்

வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? தமிழில் மட்டும் உள்ள மாற்றுச் சான்றிதழைக் கைப்பேசியில் படமெடுத்து, தெரிந்த யாரிடமாவது கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் காட்டும் கவனத்தை இந்த ஒற்றைத் தாளில் யாரும் காட்டுவதில்லை. வில்லங்கம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அண்மையில் ஒரு தந்தை, அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்த மொழிபெயர்ப்பை என்னிடம் காட்டினார். மூலத்தில் ‘பள்ளியை விட்டு நின்ற தேதி’ 06.04.2023. சான்றிதழ் வழங்கிய தேதி 22.05.2023. மொழிபெயர்ப்பிலும் அதே எண்கள். பிழையே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். முதல் தேதியை அவர்கள் ஜூன் 4 என்று படிப்பார்கள். 22 என்ற மாதம் கிடையாது, அதனால் இரண்டாவதை மே 22 என்றே படித்தாக வேண்டும். பையன் பள்ளியை விட்டது ஜூனில், டி.சி. கொடுத்தது மே மாதத்தில்! போலிச் சான்றிதழோ என்று சந்தேகப்பட இது போதாதா? மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: 6 ஏப்ரல் 2023. எந்த நாட்டுக்காரருக்கும் குழப்பம் வராது. பிறந்த தேதிக்கும் இதேதான். 05.06.2005 அங்கே மே 6 ஆகிவிடும், பாஸ்போர்ட்டோடு ஒட்டாது.

டி.சி.யில் தேதிகள் பல. சேர்ந்த தேதி, நின்ற தேதி, பெற்றோர் விண்ணப்பித்த தேதி, வழங்கிய தேதி என ஒவ்வொன்றும் தனித்தனி. ‘நின்ற’ என்பது படிப்பை நிறுத்திக்கொண்ட நாளைக் குறிக்கிறது. அதை ‘ஸ்டுட்’ என்று எழுதியவர்களும் உண்டு. படத்தில் 1, 7 மயங்கினால் ஊகிக்காதீர்கள். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும், எழுத்தைப் பாருங்கள். மற்றவற்றுக்கு மூலத்தாளையே எடுத்துப் பாருங்கள்.

அடுத்து வகுப்பு. ‘மேல்நிலை இரண்டாம் ஆண்டு’ என்பதை வெறுமனே ‘செகண்ட் இயர்’ என்று போட்டால், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கிளாஸ் 12, ஹையர் செகண்டரி செகண்ட் இயர்’ என்று முழுதாக இருக்கட்டும். இதே ‘வகுப்பு’ என்ற சொல் சாதிப் பிரிவிலும் வரும். ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்பது படிப்பில் பின்தங்கியவர்களின் வகுப்பறை அல்ல, அரசு வகுத்த சமூகப் பட்டியல். ‘பேக்வர்ட் கிளாஸ்’ என்று எழுதி, அது சமூகப் பிரிவு என்பதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வயிற்றைக் கலக்குவது ஒழுக்கமும் பண்பும் என்ற பத்திதான். தலைமையாசிரியர் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறார். பெற்ற மனம் ‘எக்ஸலன்ட்’ என்று போடச் சொல்கிறது. வேண்டாம்! நன்று என்றால் ‘குட்’, மிக நன்று என்றால் ‘வெரி குட்’, திருப்திகரம் என்றால் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’. கல்லூரி பள்ளிக்கே எழுதிக் கேட்டு, ‘குட்’ என்று பதில் போனால், பொய்யாகத் தெரிவது பிள்ளையின் விண்ணப்பம். ‘குட்’ என்பதால் யாரும் இடத்தை மறுப்பதில்லை, திருத்தினால் மறுப்பார்கள். மேல்வகுப்புக்கு உயர்வு பெற்றவரா என்ற இடத்தில் ‘மதிப்பெண் பட்டியலைக் காண்க’ என்றிருந்தால் அதையே எழுதுங்கள். ‘ஆம், தேர்ச்சி’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செயலிகள் தாளை வெளுப்பாக்கும்போது ஊதா முத்திரை மங்கிப்போகும், ஓரத்தில் உள்ள வரிசை எண்ணும் வெட்டுப்படலாம். பகல் வெளிச்சத்தில் தாளைத் தட்டையாக வைத்து, நான்கு மூலையும் தெரிய, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாகுமென்டாக அனுப்புங்கள். முத்திரை, கையெழுத்து, அடித்தல் திருத்தல் எல்லாம் மொழிபெயர்ப்பில் குறிப்பாக வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்றே எழுத வேண்டும்.

நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளலாமா? கனடா விசாவுக்கு விண்ணப்பதாரரோ குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பு செல்லாது. பிரிட்டன் விசாவுக்கு, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் அனைத்தும் வேண்டும். கல்லூரியின் விதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலத்திலேயே பெயரோ தேதியோ தவறாக இருந்தால்? மொழிபெயர்ப்பில் சத்தமில்லாமல் சரிசெய்வது பெரிய ஆபத்து. தவறையும் இருந்தபடியே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், அல்லது பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் முறைப்படி திருத்தம் கேளுங்கள். அதற்கு நாளாகும், ஆகவே இன்றைக்கே அந்தத் தாளை வெளியே எடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.